கருவாட்டு ரீலில் ஆட்கள் எந்த இடத்தில் கழன்று போகிறார்கள்? கிராப்பைப் பார்த்து ஸ்கிரிப்டை மாற்றுவது எப்படி?

உப்புவெளி_கருவாடு

எல்லாருக்கும் வணக்கம். நானும் மாமியும் திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு கருவாடு போட்டு விற்கிறோம். நெத்தலி, கீரி, கட்டா, கிடைக்கிற நேரம் சுறா. கொழும்பு, கண்டிப் பக்கம் கூரியரில் அனுப்புகிறோம். இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் போட்டிருக்கிறேன், 34 வினாடி. வியூஸ் 1,900. மோசமில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் மெசேஜ் வந்தது நாலைந்து பேர், அதிலும் இரண்டு பேர் சொந்தக்காரர்.

இன்சைட்ஸுக்குள் போனால் ரிடென்ஷன் கிராப் என்று ஒரு கோடு சரிந்துகொண்டு போகிறது, எந்த வினாடியில் எத்தனை வீதம் பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டுது. விரலை வைத்து நகர்த்தி வாசித்ததைக் கீழே எழுதுகிறேன். பக்கத்தில் அந்த நேரம் வீடியோவில் என்ன போகிறது என்றும் போட்டிருக்கிறேன்.

0–5 வினாடி: ட்ரோனில் எடுத்த சுவாமி மலை, கோணேஸ்வரம், கடல். மேலே எங்கட கடைப் பெயர். குரல்: "வணக்கம் உறவுகளே!" 3ஆவது வினாடியில் 52%, 5இல் 44%.
5–11: மாமி பேசுகிறா, மூன்று தலைமுறைக் கதை. 11இல் 27%.
11–17: மாமியின் பேச்சு தொடர, என்னென்ன மீன் இருக்கு என்று வரிசையாகக் காட்டுவது. 17இல் 21%.
17–23: நெத்தலியைத் தண்ணீரில் கழுவி மணல் இல்லை என்று காட்டுவது. 23இல் 20%.
23–26: பக்கெட், "விலை விபரங்களுக்கு இன்பாக்ஸ் வாங்க". 26இல் 12%.
26–34: லோகோ, போன் நம்பர், மியூசிக். கடைசியில் 7%.

சராசரி பார்த்த நேரம் 9 வினாடி என்று காட்டுது. பார்த்தவர்களில் பாதிக்கு மேல் எங்களை ஃபாலோ பண்ணாதவர்கள். பூஸ்ட் எதுவும் பண்ணவில்லை.

புதிசாக ஒன்று எடுக்கப் போகிறோம். எதை வைப்பது, எதை வெட்டுவது?

மூதூர்_க்ளிக்ஸ்

அக்கா, சிம்பிள். சராசரி 9 வினாடி எண்டா ஆக்கள் 9ஆவது வினாடியிலதான் போறாங்க. உங்கட மாமி கதைக்கிற இடம் அது. அந்த இடத்தில ஒரு ஸூம், ஒரு சவுண்ட் எஃபெக்ட் போட்டு எழுப்பி விடுங்க. அப்புறம் முதல் மூணு செக்கன்தான் எல்லாம், அதில நல்ல ஹூக் வேணும். நான் கல்யாண வீடியோவுக்கெல்லாம் அப்படித்தான் செய்யிறன்.

கிண்ணியா_நானா

தங்கச்சி, வீடியோ நல்லாத்தான் இருக்கும், நேரம்தான் பிழை. இரவு எட்டு மணிக்குப் பிறகு போடுங்க, ஆக்கள் சாப்பிட்டுட்டு போனோட இருப்பாங்க. ஹேஷ்டேக்கில கொழும்பு, கண்டி எல்லாம் போடுங்க. ஐயாயிரம் வியூஸ் வந்தா ஓடர் தன்னால வரும்.

எடிட்_மேசை

நானா சொல்வது எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்ற விஷயம். அக்கா கேட்பது வந்தவர்கள் எந்த இடத்தில் எழும்பிப் போகிறார்கள் என்று. இப்போதுள்ள வீடியோவுக்கு ஐயாயிரம் பேர் வந்தாலும் கோடு கிட்டத்தட்ட இப்படித்தான் சரியும்.

மூதூர் தம்பி, முதல் மூன்று வினாடி பற்றி நீங்கள் சொன்னது சரி. 9ஆவது வினாடி பற்றிச் சொன்னது சரியில்லை. ஒரு ஆள் 1 வினாடியில் போகிறார், இன்னொருவர் 17 வினாடி பார்க்கிறார். இரண்டு பேருக்கும் சராசரி 9. ஆனால் 9இல் யாரும் போகவில்லையே! அக்காவின் எண்களை வைத்தே பாருங்கள். 5ஆவது வினாடிக்குள் நூறில் 56 பேர் போய்விட்டார்கள். 9ஆவது வினாடியில் எஃபெக்ட் போட்டால் அதைப் பார்க்க இருப்பது முப்பது பேர்தான். சராசரி என்பது அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் சராசரி சதவீதத்தை வினாடியால் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன், 9க்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதனால் அக்கா வாசித்த எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் எங்கே ஓட்டை என்று அந்த ஒற்றை எண் சொல்லாது, கோடுதான் சொல்லும்.

இப்போது கோட்டுக்கு வருவோம். நான் மூன்று இடத்தைத்தான் பார்ப்பேன்.

முதலாவது, 0 முதல் 5 வரை. பெரும்பாலான ரீல்களில் ஆரம்பத்தில் கோடு செங்குத்தாக விழும், அதற்காகப் பயப்பட வேண்டாம். விரல் தட்டித் தட்டிப் போகிற ஆட்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். ஆனால் உங்களுடையதில் வேறொரு சிக்கல் இருக்கு. சுவாமி மலையை ட்ரோனில் காட்டினால் பார்ப்பவர் இதை ஊர் சுற்றுகிற வீடியோ என்றுதான் நினைப்பார். அதை விரும்புகிறவர் நிற்பார், கருவாடு வாங்கக்கூடியவர் தட்டிவிடுவார். அப்படி நின்றவரும் மாமி வந்ததும் போய்விடுவார், ஏனென்றால் அவர் வந்தது கடல் பார்க்க. 5க்கும் 11க்கும் இடையில் 44இல் இருந்து 27க்கு விழுந்ததற்கு மாமியின் பேச்சு மட்டும் காரணமில்லை. முதல் ஐந்து வினாடி கூட்டி வந்த ஆட்களே பிழையான ஆட்கள்.

இரண்டாவது, 17 முதல் 23 வரை. ஆறு வினாடியில் 21இல் இருந்து 20. அதாவது இருந்தவர்களில் இருபதில் ஒருவர்தான் போனார். அதற்கு முந்தின ஆறு வினாடியில், மீன் வரிசை காட்டும்போது, இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் போயிருக்கிறார். வீடியோவிலேயே ஆட்கள் அசையாமல் நின்ற இடம் அந்தக் கழுவுகிற காட்சிதான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிய இடமாகத் தெரிகிறது. 23இல் இருந்து 26. எண்ணில் பார்த்தால் 20, 12, வெறும் எட்டுப் புள்ளி. ஆரம்பத்தில் விழுந்ததுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் அங்கே இருந்ததே நூறில் இருபது பேர். அந்த இருபதில் எட்டுப் பேர் மூன்று வினாடியில் போயிருக்கிறார்கள். இருபத்து மூன்று வினாடி பொறுமையாகப் பார்த்து, மணல் இல்லை என்பதைக் கண்ணால் கண்ட ஆட்கள். உங்கள் சாமானை வாங்கக்கூடிய ஆட்கள் அவர்கள்தான். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்றதும் பாதிக்குக் கொஞ்சம் குறைய எழும்பிப் போய்விட்டார்கள்.

கோட்டை வாசிக்கும்போது எத்தனை புள்ளி இறங்கியது என்று மட்டும் பார்க்காதீர்கள். இருந்தவர்களில் எத்தனை பங்கு போனது என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்கள் போக முடிவெடுப்பதற்கும் விரல் தட்டுவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கு. அதனால் கோடு விழுகிற இடத்துக்கு நேரே என்ன ஓடுது என்று பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு வினாடி, ஒன்றரை வினாடி பின்னால் போய் அங்கே என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள்.

மூதூர்_க்ளிக்ஸ்

சரி அண்ணா, சராசரி விஷயம் விளங்கிட்டு. ஆனா 26இல போன ஆக்கள் உண்மையா இன்பாக்ஸுக்கே போயிருக்கலாமே? அவங்களும் வீடியோவ விட்டுத்தானே போகணும்.

எடிட்_மேசை

நல்ல கேள்வி. கிராப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சலித்துப் போனவரும் சரி, விரும்பி உங்கள் பக்கத்துக்கு வந்தவரும் சரி, கோட்டில் ஒரே மாதிரித்தான் விழுவார்கள். வெளியில் இருக்கிற எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். 1,900 பேரில் எட்டு வீதம் என்றால் ஏறக்குறைய 150 பேர். அக்காவுக்கு வந்த மெசேஜ் நாலைந்து. 150 பேரும் இன்பாக்ஸைத் தேடிப் போயிருந்தால் இன்பாக்ஸ் நிரம்பியிருக்கும். அக்கா, அந்த ரீல் போட்ட நாட்களில் புரொஃபைலுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பாருங்கள்.

உப்புவெளி_கருவாடு

புரொஃபைல் பார்த்தவர்கள் முப்பதுக்குள்தான். அப்போ இன்பாக்ஸுக்குப் போகவில்லை, போயே விட்டார்கள்.

ஆனால் அண்ணா, இரண்டு விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை. கோணேஸ்வரத்தை வெட்டச் சொன்னால் மாமி வீட்டை விட்டு என்னை வெட்டிவிடுவா. அது எங்கட ஊர் அடையாளம். திருமலைக் கருவாடு என்றால்தானே ஒரு மதிப்பு. மற்றது விலை. மீன் படுகிறதைப் பொறுத்து விலை மாறும். இன்றைக்குப் போட்ட விலையை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து வந்து சண்டை பிடிப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துப் போடவும் செய்வார்.

தம்பலகாமம்_தயிர்ச்சட்டி

இடையில புகுந்து கேக்கிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. நான் எருமைத் தயிர் விக்கிறன். என்ட ரீல் 7 செக்கன், சட்டியக் கவுத்துப் பிடிக்கிறது, தயிர் விழாது. அவ்வளவுதான். கடைசி வரைக்கும் 80 வீதத்துக்கு மேல நிக்குது! ஆனா தயிர் கேட்டு ஒருத்தரும் வரல்ல. "எப்படி ஒட்டி வச்சீங்க" எண்டுதான் கமெண்ட். கிராப் நல்லா இருந்தா யாவாரம் வரும் எண்டது பொய்யா?

எடிட்_மேசை

தயிர்க்கார அண்ணா, உங்களுடையது வித்தை. வித்தையை எல்லாரும் முடிவு வரை பார்ப்பார்கள். 7 வினாடியில் வாங்குகிறதுக்கு ஒரு காரணமும் சொல்லவில்லை, எங்கே கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. சின்ன வீடியோவுக்குக் கோடு பொதுவாக உயரமாகத்தான் நிற்கும். அதை 34 வினாடி வீடியோவின் கோட்டோடு வைத்துப் பார்க்க முடியாது. அந்தச் சட்டிக் காட்சியை ஆரம்பமாக வைத்து, பிறகு பத்து வினாடி எருமையையும் பால் காய்ச்சுவதையும் விலையையும் போட்டுப் பாருங்கள். கோடு இறங்கும். இறங்கட்டும்.

அக்காவுக்கு: கோணேஸ்வரத்தை எடுத்தெறியச் சொல்லவில்லை. முதலில் வைக்க வேண்டாம் என்கிறேன். கருவாடு என்று தெரிந்த பிறகு, காயப்போடுகிற இடத்தைக் காட்டும்போது, பின்னால் ஒரு வினாடி அந்த மலை தெரிந்தால் அங்கே அது சாட்சி. ஆரம்பத்தில் வைத்தால் அது வெறும் திரைச்சீலை.

விலையில் உங்கள் பயம் நியாயமானது. அதனால் குரலில் சொல்லாதீர்கள், வீடியோவில் எழுத்தாகவும் எரித்து வைக்காதீர்கள். பக்கெட் மேலே ஒரு சின்ன அட்டை, பேனாவால் எழுதின விலை, அந்த மாதத்தின் பெயரோடு. அடுத்த மாதம் விலை மாறினால் அந்தப் பழைய வீடியோவே "அது கார்த்திகை விலை" என்று சொல்லிவிடும். பக்கத்துக் கடைக்காரர் எப்படியும் ஒரு நண்பர் போனில் கேட்டு அறிந்துகொள்வார், அவரிடமிருந்து மறைப்பதற்காக வாங்க வந்தவரை இருட்டில் விடுகிறீர்கள்.

கிண்ணியா_நானா

விலை போடுறதில நான் அக்காட பக்கம். விலை கேட்டு வாற ஆளோட ரெண்டு வார்த்த கதைச்சாத்தான் யாவாரம். கடையிலயும் அப்படித்தானே செய்யிறம்.

எடிட்_மேசை

கடைக்கு வந்தவர் வாசல்படி ஏறிவிட்டார் நானா, அவரோடு கதைக்கலாம். போனில் பார்க்கிறவர் இன்னும் ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறார். ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரியும் விலை போடாமல் நன்றாக விற்கிற பக்கங்கள் இருக்கின்றன, அதை மறுக்கமாட்டேன். ஒரே சாமானுக்கு விலையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று போட்டுப் பார்த்தால்தான் அக்காவின் ஆட்கள் எப்படி என்று தெரியும்.

சரி, ஸ்கிரிப்ட். முதலில் பழைய ஸ்கிரிப்டில் மாமி பேசுகிற முதல் வசனத்தை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

உப்புவெளி_கருவாடு

"மூன்று தலைமுறையாக திருகோணமலைக் கடற்கரையில் பாரம்பரிய முறைப்படி எந்தவித இரசாயனமும் கலக்காமல் சுத்தமாகத் தயாரிக்கப்பட்ட தரமான கருவாடுகளை உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறோம்."

ஒரே மூச்சில் சொல்ல மாமி இரண்டு நாள் பழகினா.

எடிட்_மேசை

மாமிக்கு வணக்கம் சொல்லுங்கள். இப்போது இதை வாய்விட்டு வாசித்துக்கொண்டு போனில் நேரம் பிடியுங்கள். நான் பிடித்தேன். "கருவாடு" என்ற சொல் வருவதற்கே எட்டு வினாடி. "தருகிறோம்" என்று முடிய பன்னிரண்டு. எங்கட பேச்சில் வினை கடைசியில்தான் வரும். எழுத்தில் அது பிரச்சினை இல்லை, கண் ஒரு முறையில் வரியைப் பார்த்துவிடும். ஆனால் ரீலில் கேட்கிறவர் வசனம் எங்கே போய் முடியும் என்று தெரியாமல் காத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் காத்திருக்க மாட்டார். அதனால் ஒரு வசனத்துக்கு ஐந்து, ஆறு சொல். சாமானின் பெயர் முதல் வசனத்துக்குள். "பாரம்பரிய", "தரமான", "சுத்தமான" மூன்றையும் எடுத்துவிடுங்கள். எல்லாரும் சொல்லுகிற சொல், காதில் விழுந்தாலும் ஏறாது. சுத்தம் என்பதைக் கழுவிக் காட்டுகிறீர்களே, பிறகு எதற்கு வாயால் சொல்வது.

நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன், மொத்தம் 22 வினாடி.

0–3: வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீர். கை ஒன்று ஒரு பிடி நெத்தலியைப் போடுகிறது. முகம் வேண்டாம், மியூசிக் வேண்டாம், தண்ணீர்ச் சத்தம் போதும். மாமியின் குரல்: "நெத்தலியக் கழுவினா அடியில என்ன நிக்கும்?" திரையில் எழுத்து: "மணல் நிக்குதா பாருங்க".

3–8: கையால் கலக்குவது, நெத்தலியை அள்ளி எடுப்பது, கோப்பையைக் கமராவுக்குச் சரிப்பது. அடி தெரிய வேண்டும். இந்த ஐந்து வினாடி குரல் தேவையில்லை. கோப்பை சரியும்போது மட்டும்: "ஒண்டுமில்ல."

8–13: பரணில் வலை கட்டி மீன் காய்கிறது. பின்னால் சுவாமி மலை. குரல்: "நிலத்தில போடுறதில்ல. வலையில காயுது."

13–18: தராசு, 250 கிராம் பக்கெட், விலை அட்டை. குரல்: "இது கால் கிலோ. விலை பக்கெட்டில இருக்கு."

18–22: பக்கெட்டில் கூரியர் ஸ்டிக்கர் ஒட்டுகிற கை. குரல்: "உப்புவெளியில இருந்து உங்கட வீட்டுக்கு அனுப்புறம். நம்பர் கப்ஷன்ல." லோகோ தனியாக வேண்டாம். ஸ்டிக்கரிலேயே கடைப் பெயர் இருக்கட்டும்.

கோப்பை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதை விளையாட்டாக எடுக்காதீர்கள். சில்வர் சட்டியில் மணல் இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. எழுத்தைத் திரையின் கீழ்ப் பக்கம் வைக்காதீர்கள், அங்கே கப்ஷனும் உங்கள் பக்கப் பெயரும் வந்து மூடிவிடும். கன பேர் சத்தம் போடாமல்தான் பார்க்கிறார்கள், அந்த எழுத்துத்தான் அவர்களுக்கு ஹூக்.

ஒரு எச்சரிக்கை. கழுவுகிற காட்சி பழையதில் ஆட்களைப் பிடித்து வைத்தது என்று சொன்னேன். அதில் ஒரு சந்தேகமும் இருக்கு. 17ஆவது வினாடி வரை இருந்தவர்கள் எப்படியும் பார்க்கத் தயாரானவர்கள்தான், அவர்களில் உங்கள் சொந்தக்காரரும் இருப்பார்கள். அவர்கள் எதைக் காட்டினாலும் நின்றிருக்கலாம். காட்சிக்கு உண்மையிலேயே பலம் இருக்கா என்பது அதை முன்னுக்கு வைத்து, ஒன்றும் தெரியாத ஆளுக்குக் காட்டினால்தான் தெரியும்.

மூதூர்_க்ளிக்ஸ்

நான் இன்னொண்டு சொல்றன். ரெண்டு கோப்பை வைங்க. ஒண்டில கடைத்தெருவில வாங்கின நெத்தலி, அடியில மணல் நிக்கும். மத்ததில உங்கட. பக்கத்தில பக்கத்தில. அத விட்டா வேற ஹூக் இல்ல.

கரைவலை_பேரன்

தம்பி, அந்தக் கடைத்தெரு நெத்தலி வானத்தில இருந்து விழல. எங்கட அப்பாமார், அம்மாமார் கரையில சாக்கு விரிச்சுக் காயப்போடுறது. பரண் அடிக்க மரத்துக்கும் வலைக்கும் காசு வேணும், எல்லாரிட்டயும் இல்ல. நீங்க உங்கட சாமான நல்லதெண்டு காட்டுங்க, ஆட்சேபனை இல்ல. மத்தவனிட சாமானக் கோப்பையில போட்டு ஊர் முழுக்கக் காட்டாதீங்க. நாளைக்குத் திருமலைக் கருவாடு எண்டாலே மணல் எண்டு பேர் வந்திடும். அப்ப உங்கட பக்கெட்டும் சேர்ந்துதான் விழும்.

மூதூர்_க்ளிக்ஸ்

பெயர் சொல்லப் போறதில்லையே. உள்ளதைத்தானே காட்டுறம். வாங்குறவனுக்கு வித்தியாசம் தெரிய வேணாமா?

உப்புவெளி_கருவாடு

மாமியிடம் கேட்டேன். "ஒரு கோப்பை காணும்" என்று சொல்லிவிட்டா. வலைத் தட்டு அடிக்க முந்தி அவவும் கரையில் போட்டவதான். அதோடு அந்தக் கதை முடிந்தது, நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்காதீர்கள்.

உப்புவெளி_கருவாடு

புதியதைப் போட்டுவிட்டேன். நாலு நாள் விட்டுப் பார்ப்போம் என்று பொறுத்திருந்தேன். வியூஸ் 1,600 சொச்சம், முந்தினதை விடக் குறைவு. ஆனால் கோடு இப்படி: 3இல் 68%, 8இல் 51%, 13இல் 40%, 18இல் 33%, கடைசி 22இல் 24%. சராசரி பார்த்த நேரம் 11 வினாடி.

9இல் இருந்து 11. இவ்வளவு பாடுபட்டதுக்கு இரண்டு வினாடிதானா?

எடிட்_மேசை

அந்த இரண்டு எண்ணையும் நேராக ஒப்பிட வேண்டாம், ஒன்று 34 வினாடி, மற்றது 22. 34இல் 9 பார்ப்பதும் 22இல் 11 பார்ப்பதும் ஒன்றல்ல. அதற்காக முடிவில் 7%, இதில் 24% என்று சந்தோஷப்படவும் வேண்டாம், சின்ன வீடியோவுக்கு முடிவு பொதுவாக உயரமாகத்தான் வரும். ஒரே வினாடியை வைத்துப் பாருங்கள். 3இல் 52 இப்போது 68. 17ஆவது வினாடியில் முந்தி 21 பேர் இருந்தார்கள், இப்போது 34 பேர் அளவில் இருக்கிறார்கள். அதுதான் நியாயமான ஒப்பீடு. கழுவுகிற காட்சி பற்றி எனக்கிருந்த சந்தேகமும் பெரும்பாலும் தீர்ந்தது.

முக்கியமாக விலை இடம். 13இல் இருந்து 18 வரை 40, 33. ஐந்து வினாடியில் இருந்தவர்களில் ஆறில் ஒருவர் போயிருக்கிறார். முந்தி மூன்று வினாடியில் ஐந்தில் இரண்டு பேர் போனார்கள்.

8க்கும் 13க்கும் நடுவில் கோடு சீராக இறங்குதா, இல்லை எங்கேயாவது படி மாதிரி விழுதா?

உப்புவெளி_கருவாடு

படி மாதிரித்தான். 9இல் 49, 10இல் 48, 11இல் 42. பிறகு மெதுவாகப் போகுது.

எடிட்_மேசை

ஒரு வினாடியில் 48இல் இருந்து 42. 1,600 பேரில் ஆறு வீதம் என்றால் நூறு பேர் வரை. ஒன்று இரண்டு வீதம் ஆடினால் நான் கணக்கில் எடுக்கமாட்டேன், இது ஆட்டமில்லை. 9ஆவது, 10ஆவது வினாடியில் திரையில் என்ன இருக்கு?

உப்புவெளி_கருவாடு

பரண் காட்சி. ஆனால் வீடியோ இல்லை. இப்போது மாரி, இங்கே மழை விடுகிற பாடில்லை, ஒன்றும் வெளியில் காயவில்லை. அதனால் ஆடி மாதம் எடுத்த ஒரு போட்டோவை வைத்து மெதுவாக ஸூம் பண்ணினேன். சுவாமி மலை நன்றாகத் தெரியுது அதில்.

எடிட்_மேசை

அதுதான். எட்டு வினாடி கை அசைந்து தண்ணீர் அசைந்து ஓடிவிட்டுத் திடீரென்று அசையாத படம் வந்தால் விளம்பரம் தொடங்கிவிட்டது என்று விரல் போய்விடும். போட்டோவை எடுத்துவிடுங்கள். வெயில் வரும் வரைக்கும் வெறும் வலைத் தட்டையே காட்டலாம், வீட்டுக்குள் கையால் ஒரு தரம் தட்டிக் காட்டுங்கள், "இதிலதான் காயுது" என்று. இல்லாவிட்டால் அந்தத் துண்டையே வெட்டி 17 வினாடியாக விடுங்கள். எது நல்லது என்று எனக்குப் பாதிப் பாதி. வெட்டினால் கோடு உயரும், ஆனால் மணல் ஏன் இல்லை என்ற காரணமும் போய்விடும்.

கரைவலை_பேரன்

வெறும் தட்டக் காட்டுங்க அக்கா. மழைக்குக் காயாது எண்டும் சொல்லுங்க. சனம் நம்பும்.

கிண்ணியா_நானா

எல்லாம் சரி, ஓடர் வந்துதா இல்லையா? அத ஒருத்தரும் கேக்கல்ல.

உப்புவெளி_கருவாடு

மெசேஜ் இருபதுக்கு மேல் வந்தது நானா. விலை என்ன என்று கேட்டவர் இரண்டே பேர், மற்றவர்கள் விலாசத்தோடே வந்தார்கள். நெத்தலி ஒன்பது பக்கெட் போயிருக்கு. ஆனால் பாதிப் பேர் கட்டா இருக்கா, சுறா இருக்கா என்று கேட்கிறார்கள். பழைய வீடியோவில் மீன் வரிசை காட்டின துண்டு இருந்ததால் அப்படி யாரும் கேட்டதில்லை. அதை இதற்குள் கொண்டுவரவா, இல்லை ஒவ்வொரு மீனுக்கும் தனி ரீல் போடவா?

எடிட்_மேசை

தனி ரீல். அந்த வரிசைத் துண்டு ஐந்தில் ஒருவரை அனுப்பின துண்டு, அதைத் திரும்ப உள்ளே விடாதீர்கள். கட்டாவுக்கு மணல் ஹூக் வேலை செய்யாது, பெரிய மீன், வெட்டிப் போடுவது. அதில் சனத்துக்கு என்ன பயம்? உப்புக் கூடிப் போகும் என்றா, உள்ளே ஈரமாக இருக்கும் என்றா? வாங்குகிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள், அதிலிருந்து முதல் மூன்று வினாடியை எடுப்போம்.

தம்பலகாமம்_தயிர்ச்சட்டி

கட்டாவ உடைச்சுக் காட்டச் சொல்லுங்க. நல்லாக் காஞ்சதெண்டா சத்தம் கேக்கும். நான் சட்டி வீடியோவ 18 செக்கனா மாத்திப் போட்டிருக்கன், கோடு 11இல தொபுக்கெண்டு விழுது. அந்த இடத்தில எருமை நிக்குது, வேற ஒண்டுமில்ல. எருமையில என்ன பிழை?